ஆபரேட்டர் வாயால் சொன்ன பிரேக்டவுனைப் பதிவேட்டில் ஏற்றுவது: கேள்வி பதில்

ஷிஃப்ட் சூப்பர்வைசர், சிஎன்சி பட்டறை: எங்க ஆபரேட்டர் சொன்னது இது. "எட்டு பத்துக்கு சக் பிரஷர் லோ அலாரம் வந்து நின்னுடுச்சு. எலக்ட்ரீஷியன் ஒன்பதுக்குத்தான் வந்தார், பிரஷர் சுவிட்ச் போயிருக்கும்னார். ஒன்பதரைக்குப் பார்த்தா ஹோஸ் லீக், டேங்க்ல ஆயில் இல்ல. ஹோஸ் வாங்கிட்டு வர பத்து அம்பத்தஞ்சு. பதினொன்னே காலுக்கு மாட்டி ஆயில் ஊத்தியாச்சு. முதல் பீஸ் ஓகே ஆக பதினொன்னு நாப்பது." இதை எப்படி எழுதுறது?

பதில்: பழுது என்ற கட்டத்தில் மெஷின் காட்டியதை மட்டும் எழுதுங்கள்: சக் பிரஷர் குறைவு அலாரம். காரணக் கட்டத்தில் கண்ணால் பார்த்தது வரட்டும்: ஹைட்ராலிக் ஹோஸ் கசிந்து ஆயில் இறங்கிவிட்டது. பிரஷர் சுவிட்ச் வெறும் சந்தேகம்தான். அதை மாற்றாமலே அலாரம் போய்விட்டதே! அதைக் காரணமாக எழுதினால் நல்ல சுவிட்சுக்கு யாராவது இன்டென்ட் போட்டுவிடுவார்கள்.

உதிரிபாகத்தில், மாட்டியது ஹோஸ் 1. ஸ்டோரில் வைக்க வேண்டியது இன்னொன்று. எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினார் என்று அவர் சொல்லவில்லை, கேட்டு எழுதுங்கள். நேரத்தை அலாரம் ஹிஸ்டரியோடு ஒப்பிடலாம், ஆனால் மெஷின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

புரொடக்‌ஷன் ஆள்: மாட்டுனது 20 நிமிஷம்தான். டவுன்டைம்னா அதைத்தானே போடணும்?

பதில்: ஹோஸ் மாட்டிய நேரம் 20 நிமிடம், அது சரி. ஆனால் மெஷின் நின்றது 8:10 முதல் 11:40 வரை, 210 நிமிடம். அதைப் பிரித்தால் எலக்ட்ரீஷியனுக்குக் காத்திருந்தது 50, தேடியது 30, ஹோஸ் வர 85, மாட்டியது 20, முதல் பீஸ் 25. வெறும் 20 என்று எழுதினால் ஹோஸ் கையிருப்பில் இல்லாததுதான் பெரிய இழப்பு என்பது யார் கண்ணிலும் படாது.

ஸ்பின்னிங் மில் மேஸ்திரி: எங்க ரிங் ஃபிரேம்ல ஸ்பிண்டில் டேப் அறுந்தா, "கொஞ்ச நேரம் நின்னுச்சு"ன்னுதான் சொல்றாங்க. அதையும் இப்படித்தான் போடணுமா?

பதில்: உங்கள் கதை வேறு. ஒரு டேப் பெரும்பாலும் 4 ஸ்பிண்டில்களைத்தான் சுற்றும். அது அறுந்தாலும் ஃபிரேம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் மெஷின் நின்றதாக எழுதாமல், 4 ஸ்பிண்டில் சும்மா இருந்த நேரம் என்று தனியாக எழுதுங்கள். "கொஞ்ச நேரம்" என்றால் டாஃபுக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேளுங்கள், ஞாபகம் வந்துவிடும். அப்படிக் கிடைத்த நேரத்துக்கு முன்னால் "சுமார்" என்று சேர்த்துவிடுங்கள்.

மெயின்டெனன்ஸ் ஃபிட்டர்: ஹோஸ் ஏன் போச்சுன்னு யாரும் கேக்கலையே. எங்கயாவது உரசியிருந்தா புது ஹோஸும் அதே இடத்துலதான் போகும்.

பதில்: சரியாகச் சொன்னீர்கள். ஆபரேட்டர் பேச்சில் அது இல்லை, அதை நாமாக இட்டுக்கட்டவும் கூடாது. "ஹோஸ் போன காரணம்: பார்க்கவில்லை" என்று எழுதி, பழைய ஹோஸைச் சீட்டுக் கட்டி எடுத்து வையுங்கள். உள்விட்டம், நீளம், முனை ஃபிட்டிங் எல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுத முடியும்.

ஸ்டோர் கீப்பர்: அந்த 85 நிமிஷம் யார் தலையில? எங்களதா, மெயின்டெனன்ஸதா?

பதில்: இதில் ஆலைக்கு ஆலை வழக்கம் மாறும். துறைப் பெயர் இல்லாமல் "பாகத்துக்குக் காத்திருப்பு" என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. துறை போட்டால் ஆட்கள் நிமிடத்தைக் குறைத்துச் சொல்லத் தொடங்குவார்கள். ஆனால் துறை போடாவிட்டால் மாதக் கூட்டத்தில் அந்த 85க்குப் பதில் சொல்ல ஆளே இல்லை என்று மேனேஜர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.