நண்பர் திரும்பிய இடத்துக்கு நீங்கள் போனால் ஏ1 செல்லுமா?

"ரீயூனியன் சேன்-தெனியில் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை. பெல்ஜியம் சைட்டில் இருக்கும் நண்பர் டிசம்பர் 31-இல் திரும்புகிறார். ஜனவரி 5 முதல் அதே வேலைக்கு என்னை 9 மாதம் அனுப்புகிறார்கள். ஏ1 சான்றிதழ் இருந்தால் காப்பீடு இங்கேயே ஓடும் என்கிறார் முதலாளி. நம்பலாமா?"

ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால், சமூகக் காப்பீடு எந்த நாட்டில் என்பதைத் தீர்மானிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 883/2004 விதிகள்தான் உங்களுக்கும். எங்கே வேலை செய்கிறோமோ அந்த நாட்டில் காப்பீடு கட்ட வேண்டும் என்பது அதன் பொது விதி. தற்காலிகமாக அனுப்பப்படுபவருக்கு மட்டும் 24 மாதம் வரை விலக்கு உண்டு. அதற்கான சாட்சிதான் ஏ1. உங்கள் 9 மாதம் அந்த வரம்புக்குள் அடங்கும். போவதற்கு முன் குறைந்தது ஒரு மாதமாவது பிரெஞ்சுக் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு மூன்று வருடமே இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். அனுப்பப்பட்ட இன்னொருவருக்குப் பதிலாகப் போகிறவருக்கு இந்த விலக்கு இல்லை என்று 12-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் ஒரு கசாப்புக்கூடத்துக்கு இரண்டு ஹங்கேரிக் கம்பெனிகள் மாறி மாறி ஆள் அனுப்பின. கம்பெனி வேறானாலும் பதிலாள் பதிலாள்தான் என்று 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் விஷயத்தில் கம்பெனிகூட மாறவில்லை! நடுவில் இரண்டு மாதம் விட்டால் போதும் என்று யாராவது சொன்னால், அது ஒரே ஆள் அதே நாட்டுக்கு மறுபடி போவதற்கான கணக்கு, இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆனாலும் ஏ1 கைக்கு வந்துவிடலாம், ஆபத்தே அதில்தான். விண்ணப்பிப்பது முதலாளி. நண்பரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தாள் அச்சாகிவிடும். கொடுத்த அமைப்பு ரத்து செய்யும்வரை பெல்ஜியம் பொதுவாக அதை மதித்தாக வேண்டும். ஆனால் சைட்டில் சோதனைக்கு வருபவருக்குப் பழைய ஏ1-உம் உங்களுடையதும் அருகருகே கிடைத்தால், மறுபரிசீலனை செய்யும்படி பிரான்சைக் கேட்பார்கள். ரத்தானால் முதல் நாளிலிருந்தே பெல்ஜியத்தில் சந்தா கட்டச் சொல்லலாம்.

ஆகவே முதலாளியிடம் இப்போதே பேசுங்கள். நேர்மையான வழி இரண்டு. 16-ஆம் பிரிவின்படி, இரு நாட்டு அமைப்புகளும் உங்களுக்கென்று ஒப்புக்கொள்ளும் விதிவிலக்கைக் கேட்பது ஒன்று. உடனே கிடைக்காது, கிடைக்காமலும் போகலாம். மற்றது, பெல்ஜியத்திலேயே பதிந்து அங்கே சந்தா கட்டுவது. ஓய்வூதியத்துக்கு அந்த மாதங்கள் வீணாகாது, இரு நாட்டுக் காலமும் சேர்த்துப் பார்க்கப்படும். ஒன்பது மாதம்தானே, நானாக இருந்தால் இரண்டாவதைக் கேட்பேன்.

எந்த வழியானாலும், வேலை தொடங்குமுன், வெளிநாட்டிலிருந்து ஆள் வருவதைப் பெல்ஜிய அரசுக்குத் தெரிவிக்கும் லிமோசா அறிவிப்பு தேவையா என்று முதலாளியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏ1 இருந்தாலும் அது தனி வேலை. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள்.