நேர்முகப் பரீட்சைக்கு முன் பெயரையும் பிறந்த திகதியையும் சரிபாருங்கள்

கேள்வி: ஐயா, நான் புதுக்குடியிருப்பு. அரச வேலைக்கான எழுத்துப் பரீட்சை சித்தியடைந்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்துவிட்டது. இன்னும் 18 நாள்தான் இருக்கு. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் இராசரத்தினம், ஓ.எல். சான்றிதழில் ராஜரட்ணம். அடையாள அட்டையில் பிறந்த திகதி 19.04.1997, பிறப்புச் சான்றிதழ் கொப்பியில் 17 என்று கிடக்கு. நேர்முகத்தில் விலக்கிவிடுவார்களோ? என்னென்ன கொண்டு போக வேணும்?

பதில்: பிள்ளை, முதலில் வர்த்தமானி அறிவித்தலை எடுத்து நேர்முகத்தைப் பற்றிய பந்தியைத் தேடுங்கள். பொது நேர்முகம் என்றும் புள்ளிகள் வழங்கப்படமாட்டாது என்றும் இருந்தால், அங்கே நடப்பது தகைமையும் ஆவணமும் பார்ப்பது மட்டும்தான். கட்டமைக்கப்பட்ட நேர்முகம் என்றிருந்தால் மேலதிகத் தகைமை, மொழி, கணினி என்று எதற்கு எத்தனை புள்ளி என்பதும் பக்கத்திலேயே இருக்கும். பொது நேர்முகத்துக்குப் பொது அறிவைப் பாடமாக்கிக்கொண்டு வந்து, மூலச் சான்றிதழை வீட்டில் விட்டுவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எந்த வகை என்று தெரிந்தால்தான் இந்த 18 நாளை எதற்குச் செலவழிப்பது என்று தெரியும்.

உங்களுக்கு இருக்கிற இரண்டு சிக்கலும் ஒரே மாதிரியானவை அல்ல. அப்பாவின் பெயர் எழுத்தில் மட்டும்தான் மாறியிருக்கிறது. ஆள் வேறு என்று யாரும் சொல்ல முடியாது. வன்னியில் இது எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். 2009இல் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தது. முகாமிலும் மீள்குடியேறிய பிறகும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாயால் சொன்ன பெயரையே பதிந்தார்கள். பிறகு ஓ.எல். விண்ணப்பம் போனதும் அந்தப் பதிவிலிருந்துதான். இந்த வகை வித்தியாசத்துக்கு ஒரு சத்தியக் கடதாசி வழக்கமாகப் போதும். சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன் கையொப்பமிடுங்கள். அதில் 'தந்தையின் பெயர் மாறியுள்ளது' என்று பொதுவாக எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. எந்தச் சான்றிதழில், எந்த இலக்கத்தில், எந்த எழுத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் குறித்து, இவை எல்லாம் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று எழுத வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள பெயரையும் அதே எழுத்தில் சேர்த்துவிடுங்கள். ஏ.எல். சான்றிதழ், கணினிச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான் கடதாசி எழுத உட்காருங்கள். ஒன்றை விட்டால் திரும்பவும் அலைய வேண்டிவரும்.

பிறந்த திகதி அப்படியல்ல. அதைச் சத்தியக் கடதாசியால் மூட முடியாது. ஆனால் அடையாள அட்டைதான் பிழை என்று இப்போதே முடிவெடுக்காதீர்கள். கையால் எழுதிய பழைய பதிவில் 7உம் 9உம் ஒன்றுபோலத் தெரியும். அதிலிருந்து எடுத்த கொப்பியின் கொப்பி என்றால் சொல்லவே வேண்டாம். நாளைக்கே பிரதேச செயலகத்துக்குப் போய், பதிவிலிருந்து புதிதாக ஒரு அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுங்கள். பிரதியைத் தரும்போது அங்கேயே நின்று திகதியை வாசித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பதிவு இடாப்போடு ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

அடையாள அட்டையையும் நீங்களே சோதிக்கலாம். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். பெப்ரவரியை எந்த வருடமானாலும் 29 நாளாகவே எண்ணுவார்கள். அப்படியென்றால் மார்ச் முடிய 31, 29, 31 சேர்ந்து 91 நாள். ஏப்ரல் 17 என்றால் 108, பெண்ணுக்கு 608. ஏப்ரல் 19 என்றால் 110, பெண்ணுக்கு 610. உங்கள் இலக்கம் 97110 என்றோ, பெண் என்றால் 97610 என்றோ தொடங்கினால், அட்டையில் திகதி தட்டச்சுப் பிழையாக விழவில்லை, இலக்கமே 19ஐ வைத்துத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று விளங்கும். (12 இலக்க அட்டையிலும் இதே முறைதான், வருடம் மட்டும் நான்கு இலக்கமாக வரும்.)

புதிய பிரதியில் 19 என்று வந்தால் உங்கள் பிரச்சினை அன்றைக்கே முடிந்தது. 17 என்று வந்தால் அடையாள அட்டையைத் திருத்தத்தான் வேண்டும். திகதி மாறினால் இலக்கமும் மாறும், ஆகவே 18 நாளுக்குள் கையில் வரும் என்று நம்பி இருக்காதீர்கள். கிராம அலுவலர் மூலம் உடனே விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை வாங்கிக் கோவையில் வையுங்கள். வவுனியாவில் ஆட்பதிவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அங்கேயும் போய் விசாரிக்கலாம். நேர்முகச் சபை முன்னால் 'தெரியாது ஐயா' என்று நிற்பதற்கும், 'பிழையைக் கண்டு இன்ன திகதியில் விண்ணப்பித்திருக்கிறேன்' என்று சீட்டை நீட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வயதெல்லையைக் கணக்கிடுவதும் பிறப்புச் சான்றிதழை வைத்துத்தான்.

மற்ற ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். ஓ.எல்., ஏ.எல். பெறுபேறுகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் வழங்கிய சான்றிதழ் வேண்டும். இணையத்தில் எடுத்த பிரதியை நம்பிப் போகாதீர்கள். இல்லையென்றால் doenets.lk ஊடாக இப்போதே கேளுங்கள். வதிவிடத்தை நிரூபிக்கச் சொல்லியிருந்தால் கிராம அலுவலர் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இருக்க வேண்டும். வாக்காளர் இடாப்பின் பிரதி கேட்டிருந்தால், எந்தெந்த வருடத்துக்கு என்று கவனியுங்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஒரு வருடம் வேறு மாவட்டத்தில் பெயர் இருப்பதுண்டு. டிப்ளோமா, பட்டம் ஏதும் இருந்தால் அது செயற்படும் திகதியைப் பாருங்கள். அது விண்ணப்ப முடிவுத் திகதிக்கு ஒரு நாள் பிந்தினாலும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். நான் இருந்த ஒரு சபையில் நல்ல புள்ளி எடுத்த ஒரு தம்பி இப்படித்தான் திரும்பிப் போனார். சான்றிதழ் வழங்கிய திகதியையும் பாடநெறி முடிந்த திகதியையும் அவர் ஒன்றென்று நினைத்திருந்தார். எங்களுக்கும் மனம் வலித்தது, ஆனால் சட்டத்தை வளைக்க இடமில்லை.

எழுத்துப் பரீட்சைக்கு இனித்தான் விண்ணப்பிக்கப்போகிறவர்களும் இதைக் கவனியுங்கள். இந்தப் பிழைகள் தொடங்குவதே விண்ணப்பப் படிவத்தில்தான். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். மொழிமூலத்தை யோசித்துத் தெரிவுசெய்யுங்கள், பிறகு மாற்ற விடமாட்டார்கள். அனுமதி அட்டை வந்ததும் அதில் உங்கள் கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை நாள் காலையில் சமாதான நீதவானைத் தேடி ஓடுகிற நிலை வேண்டாம்.

பிள்ளை, இவ்வளவும் செய்தும் ஏதாவது ஒரு ஆவணம் அன்றைக்குக் கைக்கு வராமல் போகலாம். அப்படியானால் வெறும் வாயால் கேட்காமல், எந்த ஆவணம், எங்கே விண்ணப்பித்தது, எந்தத் திகதிக்குள் தருவேன் என்று மூன்று வரியில் கடிதம் எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துச் சபையின் தலைவரிடம் கொடுங்கள். அதன் ஒரு பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.