தம்பிக்கு வந்த வருமான வரி நோட்டீஸுக்கு அக்கா பதில் போடலாமா?

"என் தம்பிக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு உள்ளவன். அப்பா இறந்தபின் அவன் பெயரில் வங்கியில் போட்ட டெபாசிட்டைப் பற்றிக் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் பதில் போடலாமா? என்னென்ன ஆவணம் வேண்டும்?"

போடலாம். ஆனால் அக்கா என்ற உறவு மட்டும் போதாது. 18 வயது வரை பெற்றோரே இயற்கைப் பாதுகாவலர். அதைத் தாண்டிவிட்டால் அம்மாவே ஆனாலும் நியமன ஆணை வேண்டும். மதுரையில் என்றால் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான குழு சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று தரும். தம்பியின் ஊனச் சான்று, ஆதார், வயதுச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று ஆகியவற்றைக் கொண்டு போங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குத்தான் இந்தக் குழு. மனநோய் மட்டும் என்றால் இந்த வழி பொருந்தாது.

சான்று கிடைத்ததும் வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் நுழைந்து, Authorised Partners பகுதியில் Register as Representative Assessee என்பதைத் தேர்ந்து, இருவர் பான் அட்டையையும் சான்றையும் ஏற்றுங்கள். துறை ஒப்புதல் தந்தபின் தம்பியின் பிரதிநிதியாக உள்ளே போகலாம். சான்று வரத் தாமதமாகும். நோட்டீஸ் கெடுவோ குறைவு. ஆகவே குழுவிடம் மனு கொடுத்த ரசீதை இணைத்து அவகாசம் கேட்டு இன்றே எழுதுங்கள். கெடு முடிந்தால் இருக்கும் விவரத்தை வைத்தே வரி போட்டுவிடுவார்கள். தம்பி பெயரில் அவன் கையெழுத்தை நீங்களே போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

நோட்டீஸ் எதற்கு வந்தது என்பதும் தெரிய வேண்டும். ஒரே ஆண்டில் 10 லட்சம் அல்லது அதற்கு மேல் டெபாசிட் போட்டால் வங்கி துறைக்குத் தகவல் அனுப்பும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு நான் பார்த்த கணக்கு இதேதான். 2021-22-இல் மகன் பெயரில் 12 லட்சம் போட்டிருந்தார்கள். ரிட்டர்ன் எதுவும் இல்லை. அதனால் அந்த 12 லட்சமே கணக்கில் வராத வருமானம் போலத் தெரிந்தது. உண்மையில் அது அப்பாவின் பணிக்கொடை, வாரிசுரிமையாக வந்தது. அதற்கு வரி கிடையாது. வருமானம் என்பது வட்டி 72,000 மட்டும். அப்போதைய வரம்பு இரண்டரை லட்சம் என்பதால் வரியே இல்லை.

இதை நிரூபிக்க இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பணிக்கொடை ஆணை, வங்கிக் கணக்கு அறிக்கை நான்கும் இணைத்தோம். முக்கியமானது கடைசியானதுதான்: பணம் அப்பா பக்கமிருந்து வந்த பதிவும், அங்கிருந்து டெபாசிட்டுக்குப் போன பதிவும் அதே அறிக்கையில் தெரிய வேண்டும். நடுவில் ரொக்கமாக எடுத்துத் திரும்பப் போட்டிருந்தால் அந்த இடைவெளியைத்தான் அதிகாரி கேட்பார். தேதிகளோடு விளக்கக் கடிதம் தனியாக எழுதுங்கள்.

வட்டியில் வங்கி வரி பிடித்திருந்தால், இனி ஒவ்வொரு ஏப்ரலிலும் பாதுகாவலராக நீங்கள் கையெழுத்திட்டு, வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை வங்கியில் கொடுத்துவிடுங்கள்.