எப்பவும் நான்தான் முதல் மெசேஜ்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, காலேஜ் தோழி ஒருத்தி. எப்பவும் நான்தான் ஆரம்பிக்கிறேன்னு தோணுது. இது நிஜமா, என் மனசு பண்ற வேலையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பதில்: ஞாபகத்தை நம்ப வேண்டாம். பதில் வராத நாள்தான் மனதில் நிற்கும். அவளாக ஆரம்பித்த சாதாரண நாள் மறந்துவிடும். வாட்ஸப்பில் அந்த உரையாடலைத் திறந்து, மூன்று புள்ளி, More, Export chat, Without media என்று போனால் தேதி நேரத்தோடு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடைக்கும். ஐபோனில் மேலே உள்ள பெயரைத் தொட்டால் கீழே Export Chat இருக்கும்.

ஃபைலைப் படித்துக்கொண்டே வாருங்கள். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ இடைவெளி விழுந்து, அதன் பிறகு வரும் முதல் மெசேஜை ஒரு தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் வாழ்த்து, ஃபார்வர்டு, "ஓடிபி வந்துச்சா" மாதிரி வேலை விஷயம் எதையும் எண்ண வேண்டாம். இருபது தொடக்கமாவது சேர்ந்தால்தான் எண்ணிக்கைக்கு அர்த்தம் உண்டு. போனில் பேசியதை மறந்துவிடாதீர்கள், Calls பக்கத்தையும் பாருங்கள். மெசேஜே அனுப்பாமல் நேராகக் கூப்பிடுகிற ஆள் இந்தக் கணக்கில் அநியாயமாகத் தோற்றுவிடுவார்.

கேள்வி: எண்ணிப் பார்த்தேன் அக்கா. 22 தொடக்கத்துல 19 என்னோடது. அவ்வளவுதானா, முடிஞ்சு போச்சா?

பதில்: இல்லை. யார் ஆரம்பித்தார் என்பது பாதிக் கணக்குதான். ஆரம்பித்த பிறகு யார் இழுத்துக்கொண்டு போகிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நீங்கள் அனுப்பியதிலிருந்து ஒரு துண்டு:

— இன்டர்வியூ எப்படிப் போச்சு?
— பரவால்ல
— என்ன கேட்டாங்க?
— வழக்கமானதுதான்
— ரிசல்ட் எப்போ?
— அடுத்த வாரம் 👍

மூன்று கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது, ஆனால் ஒன்றுகூடத் திரும்பவில்லை. "பரவால்ல" என்றதுமே பேச்சு நின்றிருக்க வேண்டியது; நீங்கள் இன்னொரு கேள்வி போட்டு அதைக் காப்பாற்றினீர்கள். அந்த இரண்டாவது, மூன்றாவது கேள்விகள்தான் உங்கள் அதிகப்படி உழைப்பு. இப்போது அந்த 19-ஐ மறுபடி பாருங்கள். எத்தனை இடத்தில் அவளாக ஒரு கேள்வி கேட்டாள், அல்லது கேட்காமலே தன் சமாச்சாரம் ஒன்றைச் சொன்னாள்?

கேள்வி: பார்த்தேன். 11 இடத்துல அவளே ஏதோ கேட்டிருக்கா, இல்ல நீளமா எழுதியிருக்கா. மீதி 8 இதே மாதிரிதான்.

பதில்: அப்படியானால் அவள் ஆரம்பிக்கத் தெரியாத ஆள், பேச விருப்பமில்லாத ஆள் அல்ல. அந்த எட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் "என்ன பண்றே", "சாப்டியா", "எப்படிப் போச்சு" என்று தொடங்கியிருக்கும். ஒற்றைச் சொல்லில் முடிக்க வழிவிடுகிற கேள்வி இது. அவள் நீளமாக எழுதிய பதினொன்று எதைத் தொட்டுத் தொடங்கியது என்று பார்த்து, அந்த வகையில் மட்டும் இனி ஆரம்பியுங்கள். ஒற்றை வார்த்தை வந்தால் இன்னொரு கேள்வி போடாமல் அங்கேயே விட்டுவிடுங்கள். ஆறு வாரம் போகட்டும், மறுபடி எண்ணலாம். பதினொன்றுக்குப் பதில் ஒன்றோ இரண்டோ இருந்திருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும்.

கேள்வி: இவ்வளவு கணக்கு எதுக்கு? பதினஞ்சு நாள் மெசேஜ் போடாம இருந்து பாருங்க. அக்கறை இருந்தா தானா வருவாங்க.

பதில்: பாதி சரி. அவராக ஆரம்பிப்பாரா என்பது அதில் தெரியும். பிரியம் இருக்கிறதா என்பது தெரியாது. பதினைந்து நாள் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. வாராவாரம் ஞாயிறு உங்கள் மெசேஜ் வந்துவிடும் என்று பழகியவருக்கு ஆரம்பிக்கத் தேவையே வந்ததில்லை. முதல் ஞாயிறு வராதது அவர் கண்ணில் படவே சில நாள் ஆகும். வழக்கமான இடைவெளியைப் போல மூன்று மடங்காவது காத்திருந்தால்தான் சோதனை. வாரம் ஒரு முறை என்றால் மூன்று வாரம், மாதம் ஒரு முறை என்றால் மூன்று மாதம். இடையில் ஸ்டேட்டஸில் குத்தலாக ஒரு வரி போட்டால் சோதனை கெட்டது. அதன் பிறகு வருகிற மெசேஜ் பதறி வருவது, தானாக வருவதல்ல.

கேள்வி: ப்ளூ டிக் விழுந்து ரெண்டு நாளாச்சு, பதில் இல்ல. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

பதில்: நீல டிக் சொல்வது உரையாடலைத் திறந்தார் என்பதை மட்டும். பஸ்ஸில் திறந்து, அப்புறம் எழுதலாம் என்று மூடியவருக்கும் அதே நீலம்தான். தலைகீழாகவும் ஏமாற்றும்: நோட்டிஃபிகேஷனிலேயே முழுசாகப் படித்துவிட்டால் நீலம் விழாது. Read receipts-ஐ அணைத்து வைத்தவரிடம் தனி உரையாடலில் எப்போதுமே விழாது. டிக்கைவிட, தாமதமாக வரும் பதில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நாள் கழித்து நாலு வரி எழுதுகிறவர், இரண்டு நிமிஷத்தில் கட்டைவிரல் அனுப்புகிறவரைவிட மேல்.

கேள்வி: எங்க அபார்ட்மென்ட் குரூப்ல தினம் குட் மார்னிங் போடறேன், ஒருத்தரும் பதில் போடறதில்ல. நானும் நிறுத்திடலாமா?

பதில்: தாராளமாக. குரூப்பில் யாரையும் குறிப்பிடாமல் போட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று ஒருவரும் கிடையாது. இங்கே பேசுவது இருவருக்கிடையே நடப்பதைப் பற்றி.

கேள்வி: கல்யாணமாகி ஆறு வருஷம். வீட்டுலயும் இதே கதைதான், நான் எதை எடுத்தாலும் "ம்". எனக்குத்தான் சுவாரசியமாப் பேசத் தெரியலையோ?

பதில்: அதை உடனே உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் பமீலா ஃபிஷ்மன் என்ற சமூகவியலாளர் மூன்று ஜோடிகளின் வீட்டுப் பேச்சை 52 மணி நேரம் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 1978-ல் எழுதினார். பெண்கள் எடுத்த 47 பேச்சில் 17 மட்டுமே உரையாடலாக வளர்ந்தது. ஆண்கள் எடுத்த 29-ல் 28 வளர்ந்தது. எடுத்த விஷயங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆண் ஆரம்பித்தால் பெண் கேள்வி கேட்டு வளர்த்தாள், பெண் ஆரம்பித்தால் "ம்" மட்டும் வந்தது. மூன்றே ஜோடிதான், அதுவும் அந்தக் கால அமெரிக்கா. எல்லா வீட்டுக்கும் இதையே அளவாக வைக்க முடியாது. ஆனால் பேச்சு செத்துப்போவது எடுத்தவரின் குறையாக இருக்க வேண்டியதில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை. மற்றபடி வீட்டில் பக்கத்தில் இருப்பவரிடம் மூன்று வாரச் சோதனை வேண்டாம்.

கேள்வி: தம்பி டொரான்டோல இருக்கான். நான் ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டா ரெண்டு வார்த்தைல முடிச்சுடறான். அக்கான்ற பாசமே போயிடுச்சு.

பதில்: கோடையில் டொரான்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. உங்கள் இரவு ஒன்பது அவருக்குக் காலை பதினொன்றரை அல்லது பத்தரை, வேலை நடுவில். அவர் ஓய்வாக உட்காரும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். சனி, ஞாயிறு உங்கள் மாலை ஏழு மணிக்கு நான்கு வாரம் முயன்று பாருங்கள். அப்போதும் இரண்டே வார்த்தை என்றால் மறுபடி கேளுங்கள்.

கேள்வி: "நீ ஏன் மெசேஜே பண்றதில்ல"ன்னு நேராக் கேட்டா என்ன அக்கா?

பதில்: கேட்டால் மன்னிப்பு வரும், ஒரு வாரம் மெசேஜ் குவியும், பிறகு பழையபடி. கேள்வியில் குற்றச்சாட்டு இருக்கிறது, செய்ய வேண்டிய காரியம் இல்லை. "அடுத்த தடவை நீ கூப்பிடு, இந்த மாசத்துல உனக்கு எப்ப வசதியோ அப்ப" என்று ஒரே ஒரு வேலையை அவரிடம் விடுங்கள். மாதம் முடியும்வரை நினைவூட்டாதீர்கள். கூப்பிடவில்லை என்றால் இனி எவ்வளவு அனுப்புவது என்பதை அவரை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. பதில் வராவிட்டாலும் கசப்பில்லாமல் எத்தனை அனுப்ப முடியுமோ, அவ்வளவு. பிறந்தநாளுக்கு ஒன்று என்றாலும் சரி, ஒன்றுமே இல்லை என்றாலும் சரி.

கேள்வி: "நீ கூப்பிடு"ன்னு சொல்றதே கெஞ்சுற மாதிரி இல்லையா? எனக்கு வராது.

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் வராது என்கிறவரைச் சொல்ல வைக்கவும் முடியாது. அவர்களுக்கு மூன்று மடங்கு இடைவெளிதான் வழி. அதில் ஒரு குறை உண்டு: எதிரில் இருப்பவருக்குத் தான் சோதிக்கப்படுவதே தெரியாது.