ஓரக் குறிப்பில் எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும்?

கேள்வி: ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரோட ஊர் நினைவுக் குறிப்பை Word-ல எடிட் பண்றேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓரத்துல காரணம் எழுதணுமா? அவரே பார்த்து ஏத்துக்கவோ தள்ளவோ முடியற மாதிரி எப்படி எழுதறது?

ஒவ்வொன்றுக்கும் வேண்டாம். ஒற்று விட்டது, ர/ற மாறியது போன்றவை Track Changes-லேயே தெரியும், அதற்கெல்லாம் குறிப்பு எழுதினால் முக்கியமான குறிப்பு அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். ஒரே மாதிரித் திருத்தம் புத்தகம் முழுக்க வந்தால் முதல் இடத்தில் மட்டும் "இனி எல்லா இடத்திலும் இப்படியே மாற்றியிருக்கிறேன், வேண்டாமென்றால் இங்கே ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்று எழுதிவிடுங்கள்.

பொருள் மாறக்கூடிய இடம், தகவல் தப்பு என்று சந்தேகம் வரும் இடம், ஆசிரியரின் குரலில் கை வைக்கும் இடம், இந்த மூன்றுக்கும் காரணம் கட்டாயம் வேண்டும். இதில் தகவல்தான் சிக்கல். நான் இருப்பது கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம், இங்கே தமிழில் ஊர் வரலாறு எழுதுகிறவர்களின் கைப்பிரதிகள் அவ்வப்போது என்னிடம் வரும். ஒரு மாஷ், அதாவது இங்கத்திய பேச்சில் ஆசிரியர், இப்படி எழுதியிருந்தார்:

"1956 நவம்பர் 1-ல் எங்கள் சித்தூர் தாலுகா மதராஸிலிருந்து பிரிந்து கேரளாவோடு சேர்ந்தது. அதனால்தான் ஆழியாற்றுத் தண்ணீருக்கு நாங்கள் கையேந்த வேண்டியதாயிற்று."

இதற்கு "தவறு, சரிபார்க்கவும்" என்று எழுதினால் அவருக்கு எது தவறு என்றே தெரியாது. தேதியா, தாலுகாவா, தண்ணீர் விஷயமா? நாமே திருத்திவிட்டாலும் சரியில்லை, ஏனென்றால் அவர் மனதில் இருந்தது என்ன என்று நமக்குத் தெரியாது. நான் வாக்கியத்தைத் தொடாமல் ஓரத்தில் எழுதியது இது:

"மாஷே, சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது, 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் வந்தது. 1956-ல் மதராஸிலிருந்து கேரளாவுக்கு வந்தது மலபார் மாவட்டம், பாலக்காடு தாலுகா அதில்தான் இருந்தது. உங்கள் அம்மாவின் ஊர் வாளையார் என்று முன்னால் சொல்கிறீர்கள், அந்த ஊரை நினைத்து எழுதியதா? அப்படியென்றால் 'சித்தூர்' என்பதைப் 'பாலக்காடு' ஆக்கினால் முதல் வாக்கியம் சரி. சித்தூரைத்தான் சொல்கிறீர்கள் என்றால் 'மதராஸிலிருந்து பிரிந்து' போக வேண்டும், அதோடு அடுத்த வாக்கியத்தின் 'அதனால்தான்' என்பதும் நிற்காது. நான் எதையும் மாற்றவில்லை."

நீளம்தான். ஆனால் எது இடிக்கிறது, அவர் பக்கம் என்ன நியாயம் இருக்கலாம், எந்த வழியில் போனால் வேறு எந்த வார்த்தை கூடவே விழும் என்று மூன்றும் அதில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அவர் ஒரு திருத்தத்தை Reject செய்து, அதோடு ஒட்டிய இன்னொன்றை Accept செய்துவிட்டால் வாக்கியம் பாதி அவருடையது, பாதி உங்களுடையது என்று உடைந்து நிற்கும். அவர் வாளையாரைத்தான் நினைத்து எழுதியிருந்தார். ஒரே வார்த்தையை மாற்றினார், ஆனால் தண்ணீர் வாக்கியத்தைச் சித்தூர் பற்றிய பத்திக்கு நகர்த்திவிட்டார், அது எனக்குத் தோன்றவே இல்லை.

இதே காரணத்துக்காக முழு வாக்கியத்தையும் அழித்துப் புதிதாக அடிக்காதீர்கள். வார்த்தை வார்த்தையாகத் திருத்தினால்தான் ஒன்றை எடுத்து ஒன்றை விட முடியும். ஒரு குறிப்பில் ஒரு முடிவு மட்டும் கேளுங்கள். இன்னொன்று, நீங்கள் அழித்த சொல்லின் மேலேயே குறிப்பை மாட்டாதீர்கள், அவர் அந்த அழிப்பை ஏற்றதும் குறிப்பும் சேர்ந்து போய்விடும். பக்கத்தில் மிஞ்சப் போகிற ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து Ctrl+Alt+M அழுத்துங்கள்.

நடை பற்றிய திருத்தங்களில் நேர்மையாக இருங்கள். நீண்ட வாக்கியத்தை இரண்டாக வெட்டினால், "யார் கிணற்றில் இறங்கினார் என்பது ஐந்தாவது வரியில்தான் தெரிகிறது, அதனால் வெட்டினேன்" என்பது காரணம். "இது என் காதுக்குப் பட்டது, பழையதே இருந்தாலும் தப்பில்லை" என்பதும் சொல்லக்கூடியதுதான், அவர் தயங்காமல் தள்ளலாம். இலக்கண விதி மாதிரி வேஷம் போட்டு ரசனையைத் திணிப்பதுதான் மோசம். எழுத உட்கார்ந்து "நன்றாக இல்லை" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை என்றால் அந்தத் திருத்தத்தையே நான் திரும்ப எடுத்துவிடுவேன், அப்படி எடுத்தவை நிறைய.

அவர் தள்ளினால் அதே இடத்தில் மறுபடி வாதாட வேண்டாம், தகவல் தப்பு என்றால் மட்டும் ஒரு போன் போட்டுப் பேசலாம். எல்லாம் முடிந்த பிறகு குறிப்புகளோடு ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, அச்சுக்குப் போகும் கோப்பில் Review-க்குள் Delete All Comments in Document கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.