நாலு மணி நேரக் கணக்கில் எந்த மணி நேரம்?

“எனக்கு வயது 26. ஆடிட்டர் ஆபீசில் வேலை. தினமும் நாலு மணி நேரம் போன் பார்க்கிறேன். இப்படியே போனால் வாழ்நாளில் பத்து வருடம் போய்விடும் என்று ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. மூளை சுருங்குமா, கதிர்வீச்சால் கட்டி வருமா? கண்ணும் எரிகிறது. ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்துப் போனை எடுத்தால் ஒரு மணி ஆகிவிடும். ஆறுக்கு எழ வேண்டும். போன வாரம் வண்டியில் சிக்னலில் நிற்கும்போது கண் செருகிவிட்டது. தூக்கம் வர அக்காவின் சளி மாத்திரையைப் போடுகிறேன். ஆயுள் குறையுமா, டாக்டர்?”
– வாசகி, திருப்பூர்

முதலில் வண்டியை நிறுத்துங்கள். ஒழுங்காகத் தூங்கத் தொடங்கும் வரை ஆபீசுக்குப் பஸ்ஸில் போய் வாருங்கள். சிக்னலில் செருகிய கண் ஓடும்போதும் செருகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் வண்டி 33 மீட்டர் போய்விடும். அந்தத் தூரத்துக்கு வண்டியை ஓட்டுபவர் யாருமில்லை. இப்படிச் சில விநாடி மூளை அணைந்து எரிவது நமக்கே தெரியாமல் நடக்கும். உங்களுக்குத் தெரிந்தது ஒருமுறை, அவ்வளவுதான்.

அந்த மாத்திரையை இன்றே விடுங்கள். தூக்கம் தரும் சளி மாத்திரைகளின் மந்தம் மறுநாள் காலையிலும் தொடரும். அதாவது, நீங்கள் வண்டி எடுக்கும் நேரம் வரைக்கும். அக்காவின் சளிக்கு எழுதித் தந்த மருந்து உங்கள் தூக்கத்துக்கு மருந்தாகாது.

இனி அந்தக் கணக்கு. பெருக்கல் சரிதான். நாலு மணி நேரம் என்பது ஒரு நாளில் ஆறில் ஒரு பங்கு. வருடத்துக்கு 1,460 மணி, அதாவது சுமார் 61 நாள். இதையே 60 வருடத்துக்கு நீட்டினால் பத்து வருடம் வரும். ஆனால் 86 வயது வரை ஒரு நாள் விடாமல் இதே அளவு பார்ப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால்தான் அந்தப் பத்து. ஐபோன் வந்ததே 2007-இல். ஸ்மார்ட்போனை 60 வருடம் பயன்படுத்திய மனிதர் இன்னும் உலகில் இல்லை. அப்புறம், அம்மாவுடன் வீடியோ காலில் பேசியதும் வழி தெரியாமல் மேப் பார்த்ததும் அந்த நாலு மணிக்குள்தான் இருக்கின்றன. இது நேரம் செலவான கணக்கு. ஆயுளிலிருந்து யாரும் பத்து வருடத்தைக் கழிக்கவில்லை. எட்டு மணி நேரம் தூங்குகிறவர் அதே 60 வருடத்தில் 20 வருடம் தூங்கியே கழிக்கிறார், அதற்காக யாரும் பயப்படுவதில்லை. பயமுறுத்துவதற்கென்றே எடுத்த வீடியோக்களை மருத்துவ அறிக்கைபோலப் படிக்காதீர்கள்.

நான் உங்களுக்குப் போடும் கணக்கு வேறு. பதினொன்றரை முதல் ஒரு மணி வரையுள்ள ஒன்றரை மணி நேரத்தை மட்டும் பெருக்குங்கள். வருடத்துக்கு 547 மணி நேரம் வருகிறது. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். ஏழால் வகுத்தால் 78 ராத்திரி. ஒரு வருடத்தில் 78 முழு ராத்திரித் தூக்கத்தை அந்தப் படுக்கை நேரம் எடுத்துக்கொள்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் பார்க்கும் அரை மணி நேரத்துக்கு இந்தத் தண்டனை கிடையாது. அதனால்தான் எத்தனை மணி நேரம் என்பதைவிட எந்த மணி நேரம் என்று கேட்கிறேன்.

போனை இன்று இரவிலிருந்து சமையலறையில் சார்ஜ் போடுங்கள். ஆறு மணிக்கு எழ ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். பத்தே முக்காலுக்கு விளக்கை அணையுங்கள். அரை மணிக்குள் தூக்கம் வந்துவிட்டால், உங்களுக்குத் தூக்கமின்மை நோய் இல்லை; போன்தான் தூக்கத்தைத் தள்ளிப்போட்டது. போன் பக்கத்தில் இல்லாமலும் வாரத்தில் மூன்று நாளாவது ஒரு மணி வரை புரண்டுகொண்டிருந்தால் அது வேறு விஷயம், மருத்துவரிடம் வாருங்கள்.

இரண்டு வாரம் ஏழு மணி நேரம் தூங்கிய பிறகும் பகலில் கண் செருகினால் அதை விட்டுவிடக் கூடாது. பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். ‘ஆமாம்’ என்றால் தூக்கப் பரிசோதனை தேவைப்படும். இல்லையென்றாலும் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க வேண்டும். உங்கள் வயதுப் பெண்களுக்கு இரத்தசோகை சாதாரணமாக இருக்கிறது. அதுவரை பஸ்தான்.

மற்றவை சின்ன விஷயம். போனின் கதிர்வீச்சுக்கு மரபணுவை உடைக்கும் சக்தி கிடையாது. போன் பார்ப்பதால் மூளை சுருங்கும் என்று நிரூபணமாகவில்லை. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைவதால் கண் காய்ந்து எரிகிறது. அவ்வப்போது தூரத்தில் பார்த்து நன்றாக இமையுங்கள், கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்க வேண்டாம்.