லைட் எரியாமல் பீப் மட்டும் அடித்தால்?

"கார்ல அப்பப்ப பீப் சத்தம் வருது, மீட்டர்ல ஒரு லைட்டும் எரியல. எதனால?"

சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஓடும்போது மட்டும் வந்தால் முதலில் வேகத்தைப் பாருங்கள். 2019 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் தயாரான கார்களில் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் இடைவெளி விட்டு பீப் வரும், 120ஐத் தாண்டினால் நிற்காமல் அடிக்கும். வேகம் குறைந்ததும் அடங்கும். இது பழுதில்லை; நிறுத்த ஒயரைப் பிடுங்காதீர்கள்.

வண்டியை அணைத்து டிரைவர் கதவைத் திறந்ததும் அடித்தால், சாவி துவாரத்திலேயே இருக்கிறது அல்லது ஹெட்லைட் அணையவில்லை. சாவியை உருவுங்கள், லைட் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். அப்படியும் அடிக்கிறதா? சாவி உள்ளே இருப்பதை உணரும் சிறு சுவிட்ச் பூட்டுக்குள் சிக்கியிருக்கலாம். சாவியைப் போட்டு நாலைந்து முறை எடுத்துப் பாருங்கள். அந்த நேரம் மட்டும் சத்தம் விட்டுவிட்டு வந்தால் கோளாறு அந்தச் சுவிட்சில்தான். பூட்டுக்குள் எண்ணெய் ஊற்ற வேண்டாம், தூசி ஒட்டி இன்னும் இறுகும்.

மேடுபள்ளத்தில் மட்டும் அடித்தால் கதவு சுவிட்சைச் சந்தேகப்படுங்கள். இரவில் உள்விளக்கை, கதவு திறந்தால் மட்டும் எரியும் நிலையில் வையுங்கள். பள்ளத்தில் இறங்கும்போது விளக்கு மினுக்கினால் எந்தக் கதவு என்று ஒவ்வொன்றாக அழுத்திச் சாத்திக் கண்டுபிடிக்கலாம்.

பக்கத்து சீட்டில் கனமான பை இருந்தாலும் பெல்ட் எச்சரிக்கை அடிக்கும். அதன் விளக்கு சில கார்களில் மீட்டரில் இருக்காது, நடு டாஷ்போர்டில் இருக்கும்.